தேன் சீசனுக்கு முன்பே ஒரு சிஸில் ரீல்: படம் எடுத்து முடிக்காமல் பிட்சுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆவணப்படத்தில் முக்கால்வாசி இன்னும் எடுக்கவே இல்லை. பணம் தருகிறவர்கள் முன் படத்தைச் சொல்லிப் பணம் கேட்கும் பிட்ச் செப்டம்பரில். ரீலில் எதைத்தான் காட்டுவது?

முழுசாக எடுத்த ஒரே ஒரு காட்சியைக் காட்டுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றி நிற்கட்டும்.

பணம் தருகிறவர்கள் ரீலைப் பார்க்கும்போது மனதில் ஓடுவது சில கேள்விகள்தான். இந்த ஆள் கேமரா முன்னால் இயல்பாக இருப்பாரா? இந்த இயக்குநரை அந்த வீடு உள்ளே விட்டிருக்கிறதா? இனி என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத் தோன்றுகிறதா? மூன்றுக்கும் ஒரே காட்சியால் பதில் சொல்லிவிடலாம். நாற்பது அழகான ஷாட்களை இசையோடு ஒட்டிவைத்தால் மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் கிடைக்காது.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிற ஓர் அண்ணாச்சி. ஐம்பது வயது தாண்டியவர். நாற்பது பெட்டி வைத்திருக்கிறார். தேன் எடுப்பு முடியும் ஏப்ரல்வரை படம் அவர் கூடவே போகும். இப்போது ஆகஸ்ட். கையில் இருப்பது முதல் சந்திப்பில் எடுத்த கொஞ்சம் காட்சிகள் மட்டும்.

டிரெய்லருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டிரெய்லர், முடிந்த படத்தைப் பார்வையாளரிடம் விற்கிறது. சிஸில் ரீல், முடியாத படத்தில் பணம் போடச் சொல்லிக் கேட்கிறது. அதனால் டிரெய்லர் மாதிரி வேகமாக வெட்டி, கனத்த குரலில் வர்ணனை போட்டு எடுத்தால் "படம் முடிஞ்சுபோச்சோ? அப்புறம் எதுக்குப் பணம்?" என்று கேட்பார்கள்.

எங்கள் கதையின் உயிரே பிப்ரவரி தேன் எடுப்புதான். அது இல்லாமல் ரீலுக்கு என்ன மதிப்பு?

இல்லாததை மறைக்கத்தான் எல்லோரும் பாடுபடுகிறார்கள். என் யோசனை நேர் எதிர்: அந்தக் காத்திருப்பையே ரீலின் கதையாக்குங்கள்.

இதற்குத் தொழிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்திலிருந்து வருவது. அதிலும் பூவிலிருந்து வருவது குறைவு. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலையை உதிர்த்துவிட்டுத் தளிர் விடும். ரப்பர் இலை மூன்று சிற்றிலை சேர்ந்தது. அவை காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. தளிர் முற்றிவரும் நாட்களில் அவற்றில் இனிப்பு நீர் கசியும். தேனீ அதைத்தான் உறிஞ்சி எடுத்துப் போகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை சீசன் என்றால் அந்தக் கசிவு இருக்கும் காலம்தான்.

ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுக்க நிலைமை வேறு. தீனி கிடையாது. வளர்ப்பவர் கைக்காசு போட்டுச் சர்க்கரை வாங்கிப் பாகு காய்ச்சி ஊற்றி ஈயைக் காப்பாற்ற வேண்டும். நம் மாவட்டத்தில் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீ. தீனி குறைந்தாலோ புழு விழுந்தாலோ பெட்டியைவிட்டு மொத்தமாகக் கிளம்பிப் போய்விடும் குணம் அதற்கு உண்டு. அப்படியென்றால் ஆகஸ்டில் அண்ணாச்சிக்கு என்ன கவலை? எத்தனை பெட்டி பிப்ரவரியைப் பார்க்கும் என்பதுதான். இது நீங்கள் கற்பனையில் உருவாக்கிய நெருக்கடி இல்லை. உங்கள் பிட்ச் தேதிக்குச் சரியாக அவர் வாழ்க்கையில் நடந்துகொண்டிருப்பது. அதை எடுங்கள்.

கடலோரத்தில் படம் எடுக்கிறவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகும் காட்சி எடுக்க முடியாதே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். வலையைச் சீர்பார்ப்பது, இன்ஜினைப் பிரிப்பது, முன்பணம் வாங்குவது எல்லாம் அப்போதுதான் நடக்கும்.

சரி, அந்த "ஒரு காட்சி" எதுவென்று எப்படி முடிவு செய்வது?

காட்சி தொடங்கும்போது ஒரு நிலைமை, முடியும்போது வேறொரு நிலைமை. அந்த மாற்றம் நம் கண்முன்னே நடக்க வேண்டும். "அண்ணாச்சி தோட்டத்தில் நடக்கிறார்" காட்சி ஆகாது. "அண்ணாச்சி பாகு ஊற்றப் போகிறார், ஒரு பெட்டியில் ஈ இல்லை" என்றால் அது காட்சி.

பாகு ஊற்றுவது ஏன் நல்ல தேர்வு என்று சொல்கிறேன். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து, ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள். ஈ முங்கிச் சாகாமல் இருக்க ஒரு குச்சியோ ஓலைத் துண்டோ மேலே மிதக்கும். பகலில் ஊற்றினால் வாசனைக்கு அடுத்த பெட்டி ஈக்கள் வந்து கொள்ளையடிக்கும், சண்டை நடக்கும். ஆகவே பொழுது சாயும் நேரத்தில்தான் செய்வார்கள். உங்களுக்கு இதில் எத்தனை வசதி பாருங்கள். நேரம் முன்கூட்டியே தெரியும், வெளிச்சம் நன்றாக இருக்கும், ஒரே வேலை பெட்டிக்குப் பெட்டி திரும்ப நடக்கும். முதல் பெட்டியில் அகல ஷாட், அடுத்ததில் கைகள், அதற்கடுத்ததில் முகம் என்று ஒரே கேமராவை வைத்து மொத்தக் காட்சியையும் வெட்டும்படி எடுத்துவிடலாம். யாரையும் "இன்னொரு தடவை செய்யுங்க" என்று கேட்க வேண்டியதில்லை.

நாற்பது பெட்டி இருக்கும் இடத்தில், மழைக்காலத்தில், ஏதோ ஒன்று பலவீனமாக இருக்கும். அவர் வாசலில் ஈ நடமாட்டத்தைப் பார்ப்பார், பக்கவாட்டில் தட்டிக் காதை வைத்துப் பார்ப்பார். அதன்பிறகு மூடியைத் திறப்பார். உள்ளே அடையில் மெழுகுப் புழு நூல் கட்டியிருக்கும். அவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதுதான் காட்சி: திட்டுகிறாரா, சிரிக்கிறாரா, ஒன்றும் சொல்லாமல் அடையை எடுத்துச் சுத்தம் செய்யத் தொடங்குகிறாரா? மூடி திறந்ததும் கேமராவை அடைக்குள் கொண்டுபோகிற ஆசை எல்லோருக்கும் வரும். முகத்தில் நில்லுங்கள். புழுவை அப்புறம் தனியாக எடுத்துக்கொள்ளலாம். அந்த முகம் இரண்டாம் தடவை கிடைக்காது.

காலிப் பெட்டி அமையவில்லை என்றால், நாமே ஒன்றைக் காலி செய்து எடுத்தால் என்ன?

கூடாது. போன மாதம் காலியான பெட்டியை இப்போது புதிதாகத் திறப்பதுபோல் நடிக்கச் சொல்வதும் கூடாது. ஆவணப்படப் பிட்ச் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் இதைப் பார்த்துப் பழகியவர்கள். தவிர, அண்ணாச்சிக்கு "இந்தப் பிள்ளைகளுக்கு நடிச்சுக் கொடுக்கணும்" என்ற எண்ணம் விழுந்துவிட்டால் மிச்சப் படம் முழுக்க நடிப்புதான் கிடைக்கும். பழைய காலிப் பெட்டியைப் பற்றி அவர் பேசட்டும், கணக்கு சொல்லட்டும். அதுவும் உண்மைதான். அதில் பரபரப்பு குறையும். பரவாயில்லை.

மூன்று நிமிடத்தை எப்படிப் பங்கு போடுவது?

மூன்று நிமிடம் என்று நீங்களே முடிவு செய்தது நல்லது. பொதுப் பிட்ச் மேடைகளில் ஒரு படத்துக்குப் பேச்சும் ரீலும் சேர்த்து ஏழு நிமிடம் போலத்தான் கிடைக்கும். ரீல் ஐந்து நிமிடம் ஓடினால் நீங்கள் பேச என்ன மிச்சம்? இணையத்தில் விண்ணப்பிக்கும் நிதிகள் சில நேரம் நீளமான காட்சி மாதிரி கேட்கும். அதற்கு வெட்டாத பத்து நிமிடக் காட்சியைத் தனியாக வையுங்கள்.

நம் உதாரணத்தில் முதல் ஒரு நிமிடம் முழுக்கப் பாகு ஊற்றும் மாலை. பெயரட்டை, தலைப்பு எதுவும் முன்னால் வேண்டாம். நேராகச் சிரட்டையில் பாகு விழும் சத்தத்தில் தொடங்கி, காலிப் பெட்டியின் முன் அவர் நிற்பதுவரை. சிலர் மூடி திறக்கும் தருணத்தை ரீலின் கடைசிக்குத் தள்ளி ஆவலைத் தூண்டப் பார்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வரிசையாக இருபது ரீல் பார்க்கிறவர் முதல் நிமிடத்திலேயே உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்.

அடுத்து அரை நிமிடம், இல்லாத சீசனுக்கு. அண்ணாச்சி ஒரு ரப்பர் இலையைப் பறித்துக் காம்பில் விரல் வைத்து, "தேன் இங்கதான் வரும், பூவில இல்ல" என்கிறார். கேரளத்துக்காரரோ குமரிக்காரரோ அல்லாத எவருக்கும் இது புதுச் செய்தி. ரீலில் விஷயம் சொல்ல வேண்டிய இடம் இது ஒன்றுதான். கூடவே எழுத்தட்டை: "ஜனவரியில் இலை உதிரும். பிப்ரவரியில் தேன் வரும்." இரண்டே வாக்கியம்.

பிறகு ஐம்பது விநாடி வீட்டுக்குள். அடுக்களைத் திண்ணையில் அவரும் மனைவியும் சர்க்கரைக் கடைப் பாக்கியைக் கணக்குப் பார்க்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் வேறு வேறு பக்கம் நிற்பது தெரிய வேண்டும். அவருக்கு இன்னும் பத்து பெட்டி கூட்ட ஆசை. அவருடைய மனைவிக்கு இருக்கிறதை விற்றுவிட்டு ஒழியலாம் என்று. "எனக்க பெட்டிய வித்துட்டு நான் என்ன செய்ய?" என்று அண்ணாச்சி கேட்கிற ஒரு வரி, படம் எதைப் பற்றியது என்று சொல்லிவிடும்.

மிச்ச நாற்பது விநாடி போன் பேச்சு. எல்லை தாண்டி ஒரு தோட்டக்காரரிடம் ஜனவரிக்கு இடம் கேட்கிறார். எத்தனை பெட்டி கொண்டுவருவீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்கிறது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து ஓர் எண்ணைச் சொல்கிறார். அந்த எண் நாற்பதா, அதற்குக் குறைவா? அதோடு தலைப்பு. ரீல் அங்கேயே நிற்கட்டும். பதிலைப் படம்தான் சொல்ல வேண்டும், உங்களிடமும் அது இன்னும் இல்லையே.

பேட்டியே வேண்டாமா? எங்களிடம் இரண்டு மணி நேரப் பேட்டி இருக்கிறது.

குரலுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வரி. நாற்காலியில் உட்கார்ந்து பேசும் தலை ரீலில் பாதியைத் தின்றுவிட்டால், படமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பார்கள். வேளாண் அதிகாரி, பேராசிரியர், சங்கத் தலைவர் பேட்டிகளை அப்படியே ஒதுக்குங்கள். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருவாரியாக அழிந்தன. படத்துக்கு அது முக்கியம்தான். ஆனால் ரீலில் அதைப் பேராசிரியர் சொன்னால் பாடம். "அப்ப எங்க அப்பாட்ட ஒரு பெட்டி மிஞ்சல்ல" என்று அண்ணாச்சி பாகு கலக்கிக்கொண்டே சொன்னால் கதை.

தேன் எடுப்புக்காட்சி கொஞ்சமாவது வேண்டுமே. இணையத்தில் கிடைப்பதைப் போடலாமா?

வேண்டாம். யாரோ எடுத்ததைப் போட்டால், "இது நீங்க எடுத்ததா?" என்று ஒருவர் கேட்டதும் ரீலில் உள்ள எல்லா ஷாட் மேலும் சந்தேகம் விழும். கரண்டியிலிருந்து தேன் மெதுவாக வழியும் ஷாட்டும் வேண்டாம். நீங்களே எடுத்திருந்தாலும்கூட. அது விளம்பரப் படத்தின் அடையாளம் ஆகிவிட்டது.

ஆனால் அந்த வீட்டிலேயே ஒன்று கிடைக்கலாம். போன சீசனில் மகனோ மருமகளோ செல்போனில் எடுத்த வீடியோ. அடையைச் சீவுவது, இயந்திரத்தில் போட்டுச் சுற்றுவது, பிள்ளைகள் விரலை நக்குவது. நெடுக்குவாட்டில் ஆடி ஆடி இருக்கும். அப்படியே போடுங்கள், கீழே "போன பிப்ரவரி, மகன் எடுத்தது" என்று எழுதுங்கள். நீங்கள் எடுக்கப்போகும் காட்சிக்கு அது சாட்சி, வீட்டோடு உங்கள் நெருக்கத்துக்கும் சாட்சி. வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், படம் நசுங்கிவிடும். போனையே வாங்கி வயர் போட்டு மூலக் கோப்பை எடுங்கள். எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதியும் வாங்கிவிடுங்கள்.

ஈக்கு நடுவில் கேமரா, மைக் எல்லாம் எப்படிச் சமாளிப்பது?

கறுப்பும் ரோமமும் ஈக்கு ஆகாது. தேன் திருட வரும் மிருகம் என்று நினைத்துத் தாக்கும். பூம் மைக்குக்கு மாட்டும் கறுப்பு ரோம உறையோடு பெட்டிக்குப் பக்கத்தில் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெளிர் நிறத் துணி உறை போடுங்கள், நீங்களும் வெளிர் சட்டை போடுங்கள். சென்ட் பூச வேண்டாம். பெட்டி வாசலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அது ஈ போய்வரும் பாதை.

அண்ணாச்சி சட்டையில் சிறு மைக் கட்டாயம். ரப்பர் இலையில் மழை சொட்டும் சத்தம் தூரத்து மைக்கில் பேச்சை மூடிவிடும். வீட்டுக்குள் டியூப்லைட் இருந்தால் 25 பிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு அளவில் எடுத்தால் படம் மினுக்கலாம். இன்னொன்று: ஈ நிறைந்த பெட்டியின் இரைச்சலையும் காலிப் பெட்டியின் பக்கத்து அமைதியையும் தனித்தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள். எடிட்டில் இசைக்குப் பதில் இந்த இரண்டும் போதும். சினிமாப் பாட்டின் பின்னணி இசையைத் தற்காலிகமாகப் போட்டு வெட்டினால் உரிமைச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், காட்சியில் உண்மையிலேயே உணர்ச்சி இருக்கிறதா என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

ட்ரோன்?

இந்த ரீலுக்கு எதுவும் சேர்க்காது. மேலிருந்து பார்த்தால் எல்லா ரப்பர் தோட்டமும் ஒன்றுதான்.

கடன் கணக்கைக் காட்டுவது சரியா? அவர்கள் சம்மதித்துவிட்டார்கள்தான்.

எதற்குச் சம்மதித்தார்கள் என்று பாருங்கள். "படம் எடுக்கிறோம்" என்பதற்குச் சொன்ன சம்மதம், படம் வரும் முன்னே முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த அறையில் தாங்கள் கடைக்குத் தர வேண்டிய பாக்கி ஓடுவதற்கு ஆகாது. ரீலுக்குத் தனியாகத் தமிழில் ஒரு பக்கத் தாள் எழுதுங்கள்: யார் பார்ப்பார்கள், எங்கே ஓடும், பணம் கிடைக்காமலும் போகலாம், எந்தக் காட்சியையும் நீக்கச் சொல்லலாம். எடிட் முடிந்ததும் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துக் காட்டுங்கள். அந்த அம்மா கடைப் பெயரை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், காட்சிக்கு நட்டம் ஒன்றுமில்லை.

ஆங்கிலத் துணைத்தலைப்பையும் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துக்காரர் ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். மலையாளம் கலந்த பேச்சைச் சென்னை எடிட்டர் தவறாகப் புரிந்துகொள்ள நிறைய இடம் உண்டு.

ரீல் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

இந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத நான்கைந்து பேரிடம் தனித்தனியாகப் போட்டுக் காட்டுங்கள். முன்னுரை சொல்லாதீர்கள். முடிந்ததும் கேளுங்கள்: இவர் யார், இவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது?

"ஷாட்ஸ் எல்லாம் சூப்பர்" என்று மட்டும் சொன்னால் காட்சி நிற்கவில்லை என்று அர்த்தம். வெட்டுகளைக் குறைத்து மாலைக் காட்சியை நீளவிடுங்கள். "தேன் எங்க வாங்கலாம்?" என்று கேட்டால் விளம்பரமாகிவிட்டது. "பாவம்" என்று சொன்னால் அவரை நீங்கள் வெறும் கஷ்டப்படுகிறவராக மட்டும் காட்டியிருக்கிறீர்கள். அவர் திறமையைக் காட்டும் ஷாட்கள், அதாவது காதை வைத்துக் கேட்டே பெட்டியின் நிலைமையைச் சொல்லும் இடம், எடிட்டில் விழுந்துபோயிருக்கும். "கடைசியில எத்தனை பெட்டி தேறுச்சு?" என்று கேட்டால் அனுப்பிவிடலாம்.

"மிச்சத்தை எப்படி எடுப்பீங்க?" என்று அறையில் கேட்டால்?

ரீலோடு ஒரு பக்க நாட்காட்டி கொண்டுபோங்கள். பெட்டிக்காரரின் ஆண்டு இடப்பக்கம், உங்கள் படப்பிடிப்பு வலப்பக்கம். அக்டோபர், நவம்பரில் கூட்டம் பெருகும்போது பெட்டி பிரிப்பது. ஜனவரியில் வாசலை அடைத்து இரவோடு இரவாக வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோவது. பிப்ரவரி தொடங்கிப் பல தடவை தேன் எடுப்பது. ஏப்ரலில் விலை பேசுவது. ஒவ்வொன்றின் நேரிலும் எத்தனை நாள், எத்தனை பேர், எதில் மழையால் தள்ளிப்போகும் வாய்ப்பு உண்டு என்று எழுதுங்கள். பருவம் தவறிப் பெய்யும் மழை தளிரைக் கெடுத்து சீசனே பொய்த்துப்போனால் படம் என்ன ஆகும் என்றும் நிச்சயம் கேட்பார்கள். அப்போது தேன் இல்லாத ஏப்ரலில் அந்த அடுக்களைத் திண்ணையில் நடக்கப்போகும் பேச்சுதான் படத்தின் முடிவு என்று சொல்லுங்கள், அதை எடுக்கும் நாட்களையும் நாட்காட்டியில் முன்பே குறித்து வையுங்கள்.

கோப்பை 1080p, H.264 வடிவில், துணைத்தலைப்பைப் படத்தோடு பதித்து, பென்டிரைவில் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அரங்கில் இணையத்தை நம்பி இணைப்பு மட்டும் வைத்துக்கொண்டு போக வேண்டாம்.